ரயில் புறப்பாட்டுப் பலகையின் போட்டோவை நேரம், நிலை, நடைமேடை என்று பிரித்தெடுப்பது: முழு வழிகாட்டி

கடலூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் விழுப்புரம் போய் வண்டி மாறுகிறவர்கள். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஜங்ஷனில் இருக்கிற யாராவது பலகையைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள், நான் எழுதிய பைத்தான் நிரல் அதைப் படித்து வண்டிக்கு ஒரு வரியாகக் குழுவில் போடும். நன்றாகத்தான் ஓடியது, ஒரு ராத்திரி பெரியம்மா கூப்பிடும் வரை. "தம்பி, மூணு நிமிஷம் லேட்டுன்னு போட்டிருக்கே, எந்த பிளாட்பாரம்னு போடலையே? நான் இந்தப் பக்கம் நிக்கிறதா, படி ஏறி அந்தப் பக்கம் போறதா?"

போட்டோவைத் திறந்து பார்த்தேன். அந்த வண்டிக்கு நிலை என்ற கட்டமே காலி. நடைமேடை 3. என் நிரல் எழுத்துகளை இடமிருந்து வலமாகப் படித்து, இடைவெளி வந்த இடத்தில் வெட்டி, வந்த வரிசையிலேயே கட்டங்களில் போட்டுக்கொண்டிருந்தது. நிலை காலி என்பதால் 3 ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து "3 நிமிடம் தாமதம்" ஆகிவிட்டது. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை, ஆனாலும் பதில் தப்பு. அன்றைக்குப் பிறகு முழுவதையும் பிரித்து மறுபடி எழுதினேன், அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கீழே வரும் எடுத்துக்காட்டில் வண்டி எண்களும் பெயர்களும் உண்மையானவை. நேரம், நிலை, நடைமேடை எல்லாம் விளக்கத்துக்காக நான் மாற்றிப் போட்டவை, அதைப் பார்த்து யாரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் போட்டோ

எல்இடி பலகை நம் கண்ணுக்குத்தான் எப்போதும் எரிகிற மாதிரி தெரிகிறது. உள்ளே சில வரிசைகள் எரிந்து அணைய, அடுத்த சில வரிசைகள் எரியும், இப்படி மிக வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். போன் கேமரா 1/500 நொடியில் எடுத்தால் அந்தச் சுற்று முடிவதற்குள் படம் பதிந்துவிடும், பலகையின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். பட்டை எழுத்தின் நடுவில் விழுந்தால் நமக்கே தெரிந்துவிடும், பிரச்சினை இல்லை. எழுத்தின் தலையில் மட்டும் விழுந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் 7-இன் மேல்கோடு போய்விட்டால் மிச்சம் நிற்பது கிட்டத்தட்ட 1.

போனில் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/30 அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். இல்லாவிட்டால் போனை எங்கேயாவது சாய்த்து வைத்து, ஆடாமல், ஐந்தாறு படம் தொடர்ந்து எடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இந்தப் படங்களில் எது அதிக வெளிச்சமோ அதை எடுத்து ஒரே படமாக்கினால் பட்டை மறைந்துவிடும், `shots` என்பது அந்தப் படங்களின் பட்டியல்:

```python
import cv2
import numpy as np

photo = np.max(np.stack(shots), axis=0)
```

ஒரு எச்சரிக்கை. பலகை தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் பக்கம் மாறியிருந்தால் இந்த ஒரு வரி இரண்டு மொழியையும் ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடித்துக் கொடுத்துவிடும். ஆகவே ஐந்து படமும் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது தொல்லை வெளிச்சம். சுற்றிலும் இருட்டாக இருந்தால் கேமரா எல்லாவற்றையும் பிரகாசமாக்கப் பார்க்கும், எல்இடி எழுத்துகள் பொரித்த அப்பளம் மாதிரி உப்பிவிடும், 6, 8, 0 மூன்றும் ஒன்றாகிவிடும். திரையில் பலகையின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். பின்னணி முழுக்க இருட்டாகப் போனாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது எழுத்து மட்டும்தான். பக்கத்தில் போய் அகலக் கோணத்தில் எடுக்காமல் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று ஜூம் செய்தால் ஓரங்கள் வளையாது.

அப்புறம், படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்குவதோடு, படம் எடுத்த நேரத்தையும் உள்ளிருந்து நீக்கிவிடும். அந்த நேரம் நமக்குப் பின்னால் தேவைப்படும்.

பலகையை நேராக்குதல்

நான் பார்த்துப் படித்த பலகையில் ஒரு வண்டி வரிக்கு 16 எல்இடி உயரம், மொத்த அகலம் 320 எல்இடி, நான்கு வரி. உங்கள் பலகையில் எத்தனை என்று படத்தைப் பெரிதாக்கி ஒரு தடவை உட்கார்ந்து எண்ணிவிடுங்கள். எண்ணுவது அலுப்புதான், ஆனால் அடுத்து வரும் எல்லாமே இந்த இரண்டு எண்களின் மேல்தான் நிற்கிறது. ஒரு எல்இடிக்குச் சரியாக 6 பிக்சல் வருகிற மாதிரி படத்தை நேராக்கினால் அகலம் 1920, உயரம் 384.

```python
W, H = 320*6, 4*16*6
src = np.float32([[412,388],[2610,301],[2688,842],[395,871]])
dst = np.float32([[0,0],[W,0],[W,H],[0,H]])
M = cv2.getPerspectiveTransform(src, dst)
img = cv2.warpPerspective(photo, M, (W, H))
g = img.max(axis=2)
```

`src`-இல் இருப்பது எல்இடி பகுதியின் நான்கு மூலைகள், இடது மேல், வலது மேல், வலது கீழ், இடது கீழ் என்ற வரிசையில். வரிசை மாறினால் படம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும். பலகையின் தகரச் சட்டத்தை மூலையாகக் கொள்ளாதீர்கள், எரிகிற பகுதியின் ஓரம்தான் கணக்கு. மூலைகளைத் தானாகக் கண்டுபிடிக்க நிரல் எழுதலாம் என்று நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டேன். மேலே டியூப்லைட், பக்கத்தில் விளம்பரப் பலகை, எல்லாம் நான்கு மூலை உள்ளவையே. மவுஸால் நான்கு கிளிக் செய்வது பத்து நொடி வேலை.

கடைசி வரியில் சாம்பல் நிறமாக்காமல் மூன்று நிறங்களில் எது அதிகமோ அதை எடுப்பதற்குக் காரணம் உண்டு. சிவப்பு எல்இடியைச் சாதாரண முறையில் சாம்பலாக்கினால் மங்கிவிடும், ஏனென்றால் அந்தக் கணக்கு பச்சைக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது.

நேராகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 96 பிக்சலுக்கு ஒரு தரம் குறுக்குக் கோடு போட்டுப் பாருங்கள். எல்லாக் கோடும் வரிகளுக்கு நடுவில் உள்ள இருட்டில் விழுந்தால் சரி. வலது ஓரத்தில் மட்டும் கோடு எழுத்தை வெட்டினால் அந்தப் பக்கத்து மூலை ஒன்று தவறு.

கட்டமாக வெட்டிப் படிப்பது

பெரியம்மா விஷயத்தில் நடந்த தப்பைத் தடுப்பது இந்த இடம்தான். முழுப் பலகையையும் ஓசிஆரிடம் கொடுத்து வந்த சொற்களை அடுக்கக் கூடாது. ஒரு எழுத்து எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் எத்தனை சொல் வந்தது என்பது அல்ல. ஆகவே முதலில் வெட்டு, பிறகு படி.

```python
cols = {"no":(0,270), "name":(280,880), "time":(895,1155),
        "status":(1170,1690), "pf":(1720,1920)}
_, b = cv2.threshold(cv2.GaussianBlur(g,(0,0),2), 0, 255,
                     cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
out = [{} for _ in range(4)]
for r in range(4):
    row = b[r*96:(r+1)*96]
    for k,(x1,x2) in cols.items():
        cell = row[:, x1:x2]
        if cv2.countNonZero(cell) < 200:
            out[r][k] = ""      # காலி
```

200 என்பது எங்கிருந்து வந்தது என்றால், ஒரு எல்இடி 6-க்கு 6, அதாவது 36 பிக்சல். 200 பிக்சல் என்பது ஐந்தாறு எல்இடி. 1 என்ற இலக்கத்துக்குக்கூட அதைவிட அதிகம் எரியும், ஆகவே அதற்குக் கீழே இருப்பது தூசி அல்லது பளபளப்பு. நடைமேடை கட்டம் காலி என்றால் இன்னும் ஒதுக்கவில்லை என்று அர்த்தம், அதுவே பயணிக்கு ஒரு செய்தி. அதை மேல் வரியிலிருந்து நிரப்புவதோ, அந்த வரியையே தூக்கிப்போடுவதோ வேண்டாம். எரிகிறது ஆனால் படிக்க முடியவில்லை என்றால் அது வேறு விஷயம், அதற்கு நான் `?` போடுகிறேன். இரண்டையும் கலந்தால் "ஒதுக்கவில்லை" என்பதும் "எனக்குத் தெரியவில்லை" என்பதும் ஒன்றாகிவிடும்.

படிக்க டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் போதும், ஆனால் அது அச்சடித்த தாளைப் பார்த்துப் பழகியது. ஆகவே கறுப்பில் வெள்ளையாக இருக்கும் கட்டத்தை வெள்ளையில் கறுப்பாகத் திருப்பி, சுற்றிலும் 20 பிக்சல் வெள்ளை ஓரம் வைத்துக் கொடுங்கள். ஓரம் இல்லாவிட்டால் முதல் எழுத்தை அடிக்கடி விழுங்கும். ஒற்றை வரிக்கு `--psm 7`, நடைமேடை மாதிரி ஒற்றை இலக்கத்துக்கு `--psm 10`. மேலே மங்கலாக்கியது புள்ளிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியை நிரப்பத்தான். புள்ளி புள்ளியாகவே கொடுத்தால் டெசராக்ட் அதைக் கோலமாகத்தான் பார்க்கும், எழுத்தாகப் பார்க்காது.

இலக்கங்களுக்கு மட்டும் நான் டெசராக்ட்டை விட்டுவிட்டேன். காரணம் எளிது, பலகையில் 7 என்பது எப்போதும் அதே எல்இடிகள், இன்றும் நாளையும் ஒரு புள்ளி மாறாது. படத்தை 320-க்கு 64 என்று சுருக்கினால் ஒரு எல்இடிக்கு ஒரு பிக்சல். 0 முதல் 9 வரையும் முக்காற்புள்ளியும் எப்படி எரிகின்றன என்று ஒரு நல்ல படத்திலிருந்து ஒருமுறை வெட்டி வைத்துக்கொண்டு, வந்த எழுத்து எதோடு எத்தனை எல்இடி வேறுபடுகிறது என்று எண்ண வேண்டியதுதான்.

```python
small = cv2.resize(g, (320, 64), interpolation=cv2.INTER_AREA)
bits = small > t
d = {ch: np.count_nonzero(glyph ^ tpl) for ch, tpl in tpls.items()}
```

`t` என்பது எரிகிறதா இல்லையா என்று பிரிக்கும் எல்லை, `glyph` என்பது `bits`-இலிருந்து ஒரு எழுத்தகலத்துக்கு வெட்டிய துண்டு. இதில் பிடித்த விஷயம், சந்தேகமும் எண்ணாகவே கிடைக்கிறது. முதலாவது 3 எல்இடி வேறுபாடு, இரண்டாவது 19 என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். முதலாவது 7, இரண்டாவது 8 என்றால் `?` போட்டுவிட வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தைப் படிக்கலாமே என்று கேட்பீர்கள், நானும் ஆசைப்பட்டேன். 16 எல்இடி உயரத்தில் புள்ளி என்பது ஒரே ஒரு எல்இடி. மங்கலாக்கும்போது அது கரைந்து "ரத்து" என்பது "ரதது" ஆகிறது. நிலைப் பத்தியில் வரக்கூடிய சொற்கள் நாலைந்துதான் என்பதால் அந்தச் சிறு பட்டியலோடு ஒப்பிட்டு நெருக்கமானதை எடுத்தால் சமாளிக்கலாம். பெயர்ப் பத்திக்கு அது நடக்காது, ஆகவே ஆங்கிலப் பக்கத்தையே படிக்கிறேன், குழுவில் போடும்போது தமிழாக்கிக்கொள்கிறேன்.

ஒரு படத்தை முழுசாகப் பார்ப்போம்

இரவு 22:41-க்கு எடுத்த படம். பலகையில் இருந்தது இது, `RT` என்றால் சரியான நேரம்:

```
12631  NELLAI EXP    22:58  LATE 00:25  4
12637  PANDIAN EXP   23:50  RT          1
16865  UZHAVAN EXP   CANCELLED
12653  ROCKFORT EXP  01:40              3
```

பழைய நிரல் இதில் நான்காவது வரியில் கவிழ்ந்தது, அதைச் சொல்லிவிட்டேன். புதிய நிரலின் முதல் பதிப்பு வேறு இரண்டு இடத்தில் கவிழ்ந்தது.

ஒன்று, இரண்டாவது வரி. 7-இன் தலையில் பட்டை விழுந்து 12637 என்பது 12631 என்று வந்தது. வண்டி எண் பட்டியலோடு சரிபார்க்கும் வசதி வைத்திருந்தேன், ஆனால் அது வாயே திறக்கவில்லை, ஏனென்றால் 12631 என்பதும் உண்மையான வண்டிதான், நெல்லை. இந்த வழித்தடத்தில் இது பெரிய கண்ணி. 12631 நெல்லை, 12633 கன்னியாகுமரி, 12635 வைகை, 12637 பாண்டியன், எல்லாம் சென்னையிலிருந்து தெற்கே போகிறவை. கடைசி இலக்கம் ஒன்று கூடினால் அதே வண்டி திரும்பி வரும் எண். 12653 சென்னையிலிருந்து திருச்சிக்கு, 12654 திருச்சியிலிருந்து சென்னைக்கு. கடைசி இலக்கம் தப்பினால் வேறு வண்டி அல்லது எதிர்த்திசை வண்டி, இரண்டுமே பட்டியலில் இருக்கும். எனவே எண்ணையும் பெயரையும் தனித்தனியாகப் படித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வழி. எண் 12631, பெயர் `PANDIAN` என்றால் வரியையே சந்தேகக் குறியோடு ஒதுக்கிவை. பெயர் இரண்டு திசைக்கும் பொது என்பதால் ஒற்றை-இரட்டைத் தவறை இது பிடிக்காது, அங்கே நேரம்தான் உதவும். அந்த எண்ணுக்கு அட்டவணையில் உள்ள நேரமும் பலகையில் உள்ள நேரமும் பல மணி நேரம் விலகி இருந்தால் எதிர்த்திசை எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, உழவன் வரி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியமான வரி, விழுப்புரம் தாண்டி பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர் என்று வருகிற வண்டி. `CANCELLED` என்ற சொல் நேரப் பத்தியில் தொடங்கி நிலைப் பத்திக்குள் நீளுகிறது. கட்டமாக வெட்டினால் நேரத்தில் `CANCE`-யும் அரை எழுத்தும், நிலையில் மிச்சம். நேரக் கட்டத்தில் இலக்கம் மட்டும்தான் வரலாம் என்று நான் கட்டளை போட்டிருந்ததால், நிரல் C-யை 0 என்று எடுத்துக்கொண்டு மற்றதையும் எப்படியோ இலக்கமாக்கி ஒரு நேரத்தைத் தயார் செய்துவிட்டது. ரத்தான வண்டிக்கு நேரம்! ஒருவர் அதை நம்பி ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் நேரம் தொடங்கும் இடத்திலிருந்து வலது ஓரம் வரை, அதாவது 895 முதல் 1920 வரை, ஒரே துண்டாக, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் டெசராக்ட்டிடம் கொடுத்துப் படியுங்கள். அதில் `CANCELLED`, `DIVERTED`, `RESCHEDULED` ஏதாவது ஒன்றுக்கு நெருக்கமாக வந்தால் அதுதான் நிலை, ரத்து என்றால் நேரமும் நடைமேடையும் காலி. இல்லையென்றால் மட்டும் கட்டமாக வெட்டுங்கள்.

பலகையில் உள்ள நேரம் எந்த நேரம்?

நெல்லை வரியைப் பாருங்கள். 22:58, தாமதம் 00:25. 22:58 என்பது அட்டவணை நேரமா, அப்படியானால் வண்டி 23:23-க்கு. அல்லது தாமதத்தையும் சேர்த்த எதிர்பார்ப்பு நேரமா, அப்படியானால் வண்டி 22:58-க்கே. 25 நிமிட வித்தியாசம், போட்டோவை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இதற்கு அதில் பதில் கிடையாது. பலகைக்குப் பலகை வழக்கம் மாறுகிறது, ஆகவே உங்கள் பலகைக்கு ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். தாமதம் 00:25-லிருந்து 00:40 ஆகியும் நேரம் அசையாமல் 22:58-இலேயே நின்றால் அது அட்டவணை நேரம். நேரமும் 15 நிமிடம் தள்ளிப் போயிருந்தால் எதிர்பார்ப்பு நேரம். தாமதம் மாறாத வண்டியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தெரிந்த பிறகு அட்டவணை, எதிர்பார்ப்பு என்று இரண்டு பத்தியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

பலகையில் தேதியும் கிடையாது. 01:40 என்பது நாளைக்கு. நேரம் ஏறுவரிசையில் இருக்கும், இறங்கினால் நாள் மாறிவிட்டது என்று முதலில் எழுதியிருந்தேன், ஆனால் தாமதமான வண்டி மேலேயே தங்கிவிடும்போது அந்த விதி உடைகிறது. படம் எடுத்த நேரத்தை வைத்துக் கணக்கிடுவதே மேல். 22:41-க்கு எடுத்த படத்தில் 21:50 என்று இருந்தால் அது 51 நிமிடம் பழையது, இன்னும் வராத வண்டி, இன்றைக்குத்தான். 01:40 என்று இருந்தால் அது 21 மணி நேரம் பழையது, அப்படி ஒரு வண்டியைப் பலகையில் வைத்திருக்க மாட்டார்கள், நாளைக்கு. எல்லையை நான் 6 மணி நேரத்தில் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் தாமதமான வண்டி வந்தால் இது ஏமாறும், அந்த மாதிரி நாளில் குழுவில் எல்லோரும் போனை எடுத்து நேரடியாகவே கேட்டுக்கொள்கிறார்கள்.

அன்றைய படத்திலிருந்து கடைசியில் வந்தது இது, முதல் பத்தி நாள், அப்புறம் எண், நேரம், நிலை, நடைமேடை:

```
0,12631,22:58,LATE 25,4
0,12637,23:50,RT,1
,16865,,CANCELLED,
1,12653,01:40,,3
```

கடைசி வரியில் இரண்டு காற்புள்ளி ஒட்டி நிற்கிறதே, அந்த இடத்தைத்தான் முன்பு 3 பிடித்துக்கொண்டது. குழுவுக்குப் போகும்போது அந்த வரி "மலைக்கோட்டை, இரவு 1:40, நடைமேடை 3, தாமதம் பற்றிப் பலகையில் எதுவும் இல்லை" என்று போகிறது. காலிக் கட்டத்தைச் "சரியான நேரம்" என்று நானாக நிரப்புவதில்லை, `RT` என்று பலகையே சொன்னால்தான் அப்படிப் போடுவேன். பெரியம்மாவுக்கு இது கொஞ்சம் நீளமாகப் படுகிறதாம், நடைமேடையை மட்டும் முதலில் போடச் சொல்கிறார். போட்டுக்கொண்டிருக்கிறேன்.